அப்நார்மல் கெயினை ஏன் கழிக்க வேண்டும்? ப்ராசஸ் காஸ்டிங் கணக்கு ஒன்று, படிப்படியாக

ப்ராசஸ் காஸ்டிங்கில் நார்மல் லாஸ் வரைக்கும் எல்லோரும் போட்டுவிடுவார்கள். அதே கணக்கில் அப்நார்மல் கெயினும், பாதியில் நிற்கும் சரக்கும் சேர்ந்து வந்தால்தான் கை நிற்கிறது. ஓப்பனிங் ஸ்டாக் இல்லாத ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சலவைத்தூள் தயாரிக்கும் ஒரு சிறிய ஆலை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் 1,000 கிலோ மூலப்பொருள் உள்ளே போகிறது, அதன் விலை ரூ. 36,500. கூலி ரூ. 12,000, மேற்செலவு ரூ. 8,000. உள்ளே போனதில் 10 சதவீதம் நார்மல் லாஸ். வீணாகும் தூள் கிலோ 5 ரூபாய்க்கு விலைபோகும். மாத முடிவில் 720 கிலோ முழுதாகத் தயாராகி அடுத்த ப்ராசஸுக்குப் போய்விட்டது. 200 கிலோ பாதியில் நிற்கிறது: அதில் மூலப்பொருள் 100 சதவீதம், கூலியும் மேற்செலவும் 50 சதவீதம் முடிந்திருக்கின்றன.

முதலில் கிலோவை மட்டும் பாருங்கள். ரூபாயை இப்போதைக்குத் தொட வேண்டாம். 1,000-இல் நார்மல் லாஸ் 100 போக 900 வர வேண்டும். அதில் 200 பாதியில் நிற்பதால், தயாரானது 700 இருக்க வேண்டும். ஆனால் கையில் 720 இருக்கிறது. அதிகப்படியான 20 கிலோதான் அப்நார்மல் கெயின். அதாவது உண்மையில் வீணானது 80 கிலோதான்.

அடுத்து ஈக்விவலன்ட் யூனிட். பாதி வேலை முடிந்த 200 கிலோவை, கூலியைப் பொறுத்தவரை முழுதாக முடிந்த 100 கிலோவாக எண்ணுகிறோம். நார்மல் லாஸுக்கு யூனிட் எதுவும் கிடையாது. அதன் செலவை நல்ல சரக்கே சுமக்கிறது.

| | மூலப்பொருள் | கூலி, மேற்செலவு |
|---|---|---|
| தயாரானது 720 | 720 | 720 |
| பாதியில் நிற்பது 200 | 200 | 100 |
| கழி: அப்நார்மல் கெயின் 20 | 20 | 20 |
| மொத்தம் | 900 | 800 |

கெயினை ஏன் கழிக்கிறோம்? அந்த 20 கிலோ எங்கோ தனியாக இல்லை, 720-க்குள்ளேயே இருக்கிறது. ஒரு கிலோவின் விலையை, எதிர்பார்த்த 700 கிலோவை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். இல்லையென்றால் அந்த மாதத்து அதிர்ஷ்டம் சரக்கின் விலையைக் குறைத்துக் காட்டிவிடும். கழிக்கிற 20-உம் தயாரான சரக்கு என்பதால் இரண்டு பத்தியிலும் முழு 20. பாதியில் நிற்கும் சரக்கின் 50 சதவீதத்தை இதற்குப் போடக் கூடாது.

இப்போது ரூபாய். நார்மல் லாஸ் 100 கிலோவின் விற்பனை மதிப்பு ரூ. 500-ஐ மூலப்பொருள் செலவில் கழிக்கிறோம். வீணானது 80 கிலோதானே என்று ரூ. 400-ஐக் கழித்துவிடாதீர்கள், இங்கே கணக்கு நார்மல் அளவுக்குத்தான்.

```
மூலப்பொருள்: 36,000 / 900 = 40
கூலி:         12,000 / 800 = 15
மேற்செலவு:     8,000 / 800 = 10
ஒரு கிலோ:                    65
```

தயாரான 720 கிலோ 65 ரூபாய் வீதம் ரூ. 46,800. பாதியில் நிற்பதற்கு மூலப்பொருள் 200 × 40 = 8,000, மற்றது 100 × 25 = 2,500, ஆக ரூ. 10,500. கெயின் 20 × 65 = ரூ. 1,300.

ப்ராசஸ் கணக்கு. பற்றுப் பக்கம் மூலப்பொருள் 36,500, கூலி 12,000, மேற்செலவு 8,000, கெயின் 1,300: மொத்தம் 57,800. வரவுப் பக்கம் நார்மல் லாஸ் 500, தயாரானது 46,800, பாதியில் நிற்பது 10,500: அதுவும் 57,800. கிலோவும் இரு பக்கமும் 1,020.

கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை என்றால், உடனே எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டாம். வித்தியாசத்தைப் பாருங்கள். அது உங்கள் கெயின் தொகையைப் போல இரண்டு மடங்காக இருந்தால், ஈக்விவலன்ட் யூனிட்டில் கெயினைக் கழிக்காமல் கூட்டியிருக்கிறீர்கள். கெயினை அடியோடு மறந்திருந்தால் ரூபாய் சரியாகவே ஒத்துவந்து ஏமாற்றும். கிலோ பத்தியில்தான் 1,000-உம் 1,020-உமாக இடிக்கும். அதனால் அந்தப் பத்தியைக் காலியாக விடவே கூடாது.

கடைசியாக அப்நார்மல் கெயின் கணக்கு. 1,300 ரூபாயும் லாபம் இல்லை. அந்த 20 கிலோ வீணாகியிருந்தால் கிலோ 5 வீதம் ரூ. 100 வந்திருக்கும், அது இப்போது வராது. எனவே ரூ. 100 நார்மல் லாஸ் கணக்குக்குப் போகிறது. அங்கே 80 கிலோ விற்று வந்த ரூ. 400-உடன் சேர்ந்து, நாம் எழுதிய ரூ. 500 நேராகிவிடும். மீதி ரூ. 1,200-ஐக் காஸ்டிங் லாப நட்டக் கணக்குக்கு மாற்றுங்கள்.