நேரவாரி மின்கட்டணம்: கீசருக்கு டைமர் வைப்பது எப்படி?

நேரவாரிக் கட்டணத்தில் பீக் நேரத்தில் ஒரு யூனிட்டின் விலை கூடும், சலுகை நேரத்தில் குறையும். அதற்காக, ஸ்மார்ட் மீட்டர் வந்ததும் எல்லா வேலையையும் ராத்திரிக்குத் தள்ளாதீர்கள். ஃபோன் சார்ஜர், எல்இடி விளக்கெல்லாம் எப்போது ஓடினாலும் பில்லில் தெரியாது. ஃப்ரிட்ஜை நகர்த்தவே முடியாது. தண்ணீரைச் சுட வைப்பதும் மின்வண்டிக்கு சார்ஜ் ஏற்றுவதும்தான் நகர்த்தத் தகுந்த பெரிய வேலைகள். இங்கே கீசரை மட்டும் பார்ப்போம்.

முதலில் மீட்டரைப் படியுங்கள். பட்டனை அழுத்த அழுத்த மொத்த யூனிட், ஒவ்வொரு நேரப் பிரிவுக்கும் தனி யூனிட், மீட்டரின் கடிகாரம் எல்லாம் மாறிமாறி வரும். எந்தப் பிரிவு எதுவென்று சில மீட்டர்களில் பெயர் இருக்காது, வெறும் எண்தான். அதனால் சலுகை நேரத்தில் கீசரை அரை மணி ஓடவிட்டு, எந்த எண் ஏறுகிறதென்று பாருங்கள். அதுதான் உங்கள் சலுகைப் பிரிவு. மீட்டர் கடிகாரத்துக்கும் உங்கள் ஃபோனுக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பில் மீட்டர் நேரப்படிதான் வரும்.

அடுத்தது கணக்கு. 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 1 யூனிட் ஆகும். 2000 வாட் கீசருக்கு அது அரை மணி வேலை. பீக் கட்டணம் வழக்கத்தைவிட 20% கூட, சலுகைக் கட்டணம் 20% குறைவு என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு யூனிட்டின் செலவில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

இனி டைமர். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் டைமர் பிளக் சூடேறி உருகிவிடக்கூடும். 16 ஆம்பியர்தான் வாங்க வேண்டும். என் ஓட்டு பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கே. சுற்றும் டயல் வகை, கரண்ட் போனால் அப்படியே நின்று, பிறகு நேரம் பின்தங்கி ஓடும்.

சலுகை நேரம் காலை 5 மணிக்கு முடிகிறது, பீக் 6 மணிக்குத் தொடங்குகிறது என்றால், 4:15க்கு ஆன், 4:55க்கு ஆஃப். நள்ளிரவிலேயே சுட வைத்தால் விடியும்வரை சூடு கசிந்துகொண்டிருக்கும்.

கைகொடுப்பதும் காலை வாருவதும் அந்த ஆஃப்தான். குளிக்கும்போது வெளியே போகும் வெந்நீருக்குப் பதிலாகத் தொட்டிக்குள் பச்சைத் தண்ணீர் வரும். சுவிட்ச் ஆனிலேயே இருந்தால் தெர்மோஸ்டாட் உடனே விழித்து, பீக் நேரத்தில் மறுபடி சுட வைக்கும். குளித்து முடித்ததும் கீசரின் சிவப்பு விளக்கு எரிந்தால் டைமர் துண்டிக்கவில்லை என்று அர்த்தம். தொட்டி சிறிது, வீட்டில் ஆள் அதிகம் என்றால் இந்த வழி முழுதாக எடுபடாது.

பின்சேர்க்கை: வாஷிங் மெஷினுக்கும் இதே டைமர் போதுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம், பிளக்கில் கரண்ட் வந்தாலும் பல மெஷின்கள் தானாகத் தொடங்காது. மெஷினிலேயே உள்ள தாமதப் பட்டனைப் பயன்படுத்துங்கள். சிலதில் நீங்கள் வைக்கும் மணி துவைக்கத் தொடங்கும் நேரம், சிலதில் முடியும் நேரம். பச்சைத் தண்ணீரில் துவைப்பவர்கள் இதற்கு மெனக்கெடவே வேண்டாம், வெறும் மோட்டார் குறைவாகத்தான் இழுக்கும். துணி உலர்த்தும் டிரையரை மட்டும் எல்லோரும் தூங்கும் நேரத்தில் ஓடவிடாதீர்கள். அது தீப்பிடிக்கக்கூடிய பொருள்.