தலைவர் கையில் இருக்கும் தாள்: ஆண்டுப் பொதுக்கூட்ட உரைக்குறிப்பில் நேரும் தவறுகள்

கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முந்தைய வாரம், தலைவர் மேடையில் வாசிக்க ஒரு உரைக்குறிப்பு தயாராகும். பெரும்பாலும் போன வருடத்துக் கோப்பைத் திறந்து தேதியை மாற்றுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரு கூட்டத்தில் தீர்மானத்துக்கு எதிராக நான்கு கைகள் தெளிவாக உயர்ந்திருந்தன. தலைவரோ தாளில் இருந்தபடியே "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது" என்று வாசித்துவிட்டார். அந்த வரியை எழுதியவன் நான்.

அது வெறும் சங்கடத்தோடு முடிகிற விஷயம் இல்லை. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 107-வது பிரிவின்படி, கை உயர்த்தி நடந்த வாக்கெடுப்பில் தலைவர் முடிவை அறிவித்து, அது கூட்டக் குறிப்பேட்டிலும் ஏறிவிட்டால், தீர்மானம் நிறைவேறியதற்கு அதுவே முடிவான சான்று. எத்தனை கை உயர்ந்தது என்று பிறகு யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. இவ்வளவு எடையுள்ள வாக்கியத்தைக் கூட்டம் நடக்கும் முன்பே தட்டச்சு செய்து வைப்பதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய தவறு. மற்ற பல தவறுகளும் இதே வேரிலிருந்து வருகின்றன: நடக்கப் போவதை நடந்ததாக எழுதிவிடுகிறோம்.

எடுத்துக்காட்டுக்கு, பங்குச் சந்தையில் இல்லாத, 400 பங்குதாரர்கள் கொண்ட ஒரு பொதுக் கம்பெனியை வைத்துக்கொள்வோம். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியிலும், 1000 பேருக்குக் குறையாத உறுப்பினர்கள் உள்ள கம்பெனியிலும் மின்னணு வாக்குப்பதிவு வந்துவிடும். அங்கே கை உயர்த்தலுக்கு இடமில்லை, உரைக்குறிப்பும் வேறு மாதிரி அமையும். நம் கம்பெனியில் இன்னும் கைதான்.

நிகழ்ச்சி நிரலின் இரண்டாவது பொருள் ஈவுத்தொகை. 10 ரூபாய் பங்குக்கு 1 ரூபாய் தர இயக்குநர் குழு பரிந்துரைத்திருக்கிறது. பழைய தாளில் இது மூன்றே வரி: இன்னார் முன்மொழிகிறார், இன்னார் வழிமொழிகிறார், நிறைவேறியது. அந்த இடத்தில் நான் இப்போது எழுதுவது இது:

"அறிவிப்பில் உள்ள இரண்டாவது பொருளுக்கு வருகிறோம். பங்கு ஒன்றுக்கு 1 ரூபாய் ஈவுத்தொகை வழங்குவதற்கான சாதாரணத் தீர்மானம் இது. முன்மொழிய விரும்பும் உறுப்பினர் எழுந்து பெயரையும் ஃபோலியோ எண்ணையும் சொல்லுங்கள். … வழிமொழிபவர்? … இதைப் பற்றிக் கேள்வி இருந்தால் இப்போது கேட்கலாம். … வாக்கெடுப்புக்கு விடுகிறேன். ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள். … இறக்கிக்கொள்ளலாம். எதிர்ப்பவர்கள்? … ஆதரவு ____, எதிர்ப்பு ____. தீர்மானம் பெரும்பான்மையுடன் நிறைவேறியது / நிறைவேறவில்லை."

எண்ணுக்கான இடம் காலியாக இருக்கிறது. இரண்டு முடிவுகளும் அச்சிடப்பட்டிருக்கின்றன, ஒன்றை அடித்துவிட்டுத் தலைவர் வாசிப்பார். ஒரு கைகூட எதிராக உயரவில்லை என்றால் மட்டும் "ஏகமனதாக" என்று பேனாவால் எழுதிக்கொள்ளலாம். புள்ளிகள் உள்ள இடங்களில் தலைவர் நிறுத்தி, தலை நிமிர்ந்து அரங்கைப் பார்க்க வேண்டும். எதிர்ப்பவர்களைக் கேட்கும் வரியே இல்லாத தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்காமல் வாக்கெடுப்பு நடந்தது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இதே பொருளில் ஒருவர் எழுந்து, "1 ரூபாய் போதாது, ஒன்றரை ரூபாய் கொடுங்கள்" என்கிறார் என்று வையுங்கள். தாளில் அதற்கு வரி இல்லாவிட்டால் தலைவர் செயலாளரைப் பார்ப்பார், செயலாளர் சட்டப் புத்தகத்தைத் தேடுவார், அரங்கில் சலசலப்பு தொடங்கும். கம்பெனியின் சங்க விதிகள் சட்டத்தின் மாதிரி விதிகளை, அதாவது அட்டவணை எஃப்-ஐ, ஒட்டி இருந்தால் இயக்குநர் குழு பரிந்துரைத்ததைவிட அதிகமாகப் பொதுக்கூட்டம் அறிவிக்க முடியாது. ஆகவே பக்கத்தின் அடியில் ஒரு கட்டத்தில் இப்படி இருக்க வேண்டும்: "நம் சங்க விதி எண் __ அதற்கு இடம் தரவில்லை. உங்கள் கருத்தைக் குறிப்பில் பதிவு செய்கிறோம். அறிவிப்பில் உள்ள தீர்மானத்தையே வாக்கெடுப்புக்கு விடுகிறேன்." விதி எண்ணை முன்கூட்டியே பார்த்து நிரப்பி வையுங்கள்.

இன்னொரு கட்டம், பங்குக்கு ஏற்ப வாக்கை எண்ணும் வாக்குச்சீட்டு முறையைக் கேட்பவருக்காக. கை உயர்த்தலில் ஆளுக்கு ஒரு வாக்குதான், பங்கு எத்தனை இருந்தாலும் சரி. ஓர் உறுப்பினருக்குப் பதிலாளாக வந்தவர் கை உயர்த்தவே முடியாது. அதனால் நிறையப் பங்கு வைத்திருப்பவர் தோற்கிற நிலை வரலாம். மொத்த வாக்குரிமையில் பத்தில் ஒரு பங்கோ, 5 லட்சம் ரூபாய் செலுத்தப்பட்ட பங்குகளோ கையில் உள்ளவர்கள், முடிவு அறிவிக்கப்படும் முன்போ அறிவிக்கும்போதோ வாக்குச்சீட்டு கேட்டால் தலைவர் மறுக்கக் கூடாது. 10 ரூபாய் பங்கில் அது 50,000 பங்கு. எண்ணிக்கையைச் சொன்னதும் முடிவுக்கு ஓடாமல் ஒரு மூச்சு நிறுத்தும்படி தாளில் எழுதுவது இதற்காகத்தான்.

மூன்றாவது பொருளில்தான் பழைய கோப்பு அதிகம் ஏமாற்றும். இந்த வருடம் சுழற்சி முறையில் ஓய்வு பெற்று மறுநியமனம் கேட்பவர் தலைவரே என்றால், அந்தப் பொருளை அவரே நடத்தக் கூடாது. கம்பெனிச் செயலாளர்கள் கழகத்தின் செயலகத் தரநிலை 2 இதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பொருளில் சொந்த நலன் இல்லாத ஓர் இயக்குநரிடமோ, கூடியிருப்பவர்களின் சம்மதத்தோடு ஓர் உறுப்பினரிடமோ நடத்தும் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, பொருள் முடிந்ததும் திரும்ப ஏற்கலாம். உரைக்குறிப்பில் இதற்கு இரண்டு பேருக்கும் வரிகள் வேண்டும்: தலைவர் ஒப்படைக்கும் வரி, மாற்றாக அமர்பவர் நடத்தும் வரிகள், மீண்டும் தலைவர் ஏற்கும் வரி. மாற்றாக அமர்பவருக்குத் தனித்தாள் கொடுங்கள். தலைவரின் தாளை மேடையில் கை மாற்றினால் பக்கம் கலைந்துவிடும்.

ஒரு பொருளிலிருந்து அடுத்ததற்குப் போகும் இணைப்பு வரிகளில் அலங்காரம் வேண்டாம். "அறிவிப்பில் உள்ள நான்காவது பொருள்" என்று எண்ணோடு சொன்னால் குறிப்பெடுப்பவருக்கும் பின்வரிசையில் இருப்பவருக்கும் போதும். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம்.

கோரம், அதாவது கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை, பற்றிய வரி தொடக்கத்தில் மட்டும் இருந்தால் போதாது. நம் கம்பெனிக்கு நேரில் வந்த 5 உறுப்பினர்கள் போதும், பதிலாட்கள் கணக்கில் சேர மாட்டார்கள். ஆனால் அலுவல் நடக்கும்போதும் அந்த எண்ணிக்கை இருந்தாக வேண்டும். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது அரங்கு காலியாவது வழக்கம், எனவே கடைசிப் பொருளின் பக்கத்தில் "எண்ணிப் பார்க்கவும்" என்று செயலாளருக்கு ஒரு குறிப்பு வையுங்கள்.

முடிவுரையில் இரண்டு தவறுகள். ஒன்று, இயக்குநர் குழுக் கூட்டத்தின் தாளிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் "தலைவரின் அனுமதியுடன் வேறு ஏதேனும்" என்ற வரி. பொதுக்கூட்டத்தில் அறிவிப்பில் இல்லாத பொருளை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது, எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, "இத்துடன் கூட்டத்தை ஒத்திவைக்கிறேன்". ஒத்திவைத்தால் கூட்டம் முடியவில்லை, இதே கூட்டம் வேறொரு நாள் தொடரும் என்று பொருள். கோரம் உள்ள கூட்டத்தைத் தலைவர் தன் விருப்பத்துக்கு ஒத்திவைக்கவும் முடியாது, கூடியிருப்பவர்களின் சம்மதம் வேண்டும். சொல்ல வேண்டியது: "அறிவிப்பில் உள்ள எல்லாப் பொருள்களும் முடிந்துவிட்டன. நேரம் __. கூட்டம் நிறைவடைந்தது என்று அறிவிக்கிறேன்." தொடங்கிய நேரத்தைப் போலவே முடிந்த நேரமும் குறிப்பேட்டில் ஏற வேண்டும், அதனால்தான் அந்தக் காலி இடம்.

வாக்குச்சீட்டு கேட்கப்பட்டிருந்தால் இந்த வரியை அப்படியே வாசிக்கக் கூடாது. தலைவர் தேர்வுக்கும் ஒத்திவைப்புக்கும் வாக்குச்சீட்டை உடனே நடத்த வேண்டும், மற்றவற்றுக்குக் கோரிக்கை வந்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள். எனவே கடைசிப் பக்கத்தை இரண்டு வகையாக அச்சிட்டு வைக்கிறேன். இரண்டாவது தாளில் எந்தப் பொருளுக்கு, எங்கே, எத்தனை மணிக்கு வாக்குச்சீட்டு, ஆய்வாளர் யார், முடிவு எங்கே அறிவிக்கப்படும் என்ற ஐந்து காலி இடங்கள் இருக்கும். நன்றியுரை அதற்குப் பிறகுதான்.