துண்டுக்குத் துண்டு வரவு செலவு: தோட்டக் கணக்கைத் தாளில் போடுவது எப்படி?

செபராங் பிறையில் காய்கறி போடுகிறவர்கள் பலர், தோட்டம் முழுவதற்கும் ஒரே கணக்கு வைத்திருக்கிறார்கள். மொத்தத்தில் மிச்சம் எவ்வளவு என்பது அதில் தெரியும். எந்தத் துண்டு சம்பாதித்தது என்பது தெரியாது.

கணினியில் ஒரு விரிதாளைத் திறந்து, A முதல் F வரை இந்த வரிசையில் தலைப்பிடுங்கள்: தேதி, துண்டு, பருவம், வகை, தொகை, விவரம். துண்டுகளுக்கு T1, T2 என்று பெயர். பருவத்தை 2025A, 2025B என்று எழுதுங்கள். 2025-1 என்று எழுதினால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். வகையில் வரவு அல்லது செலவு என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. மொத்த வியாபாரி கமிஷனைக் கழித்துக்கொண்டு பணம் தந்தால், முழு விலையை வரவாகவும் கமிஷனைச் செலவாகவும் தனித்தனியாகப் பதியுங்கள்.

T1 துண்டின் லாபம் பார்க்க, H2 கட்டத்தில்:

```
=SUMIFS(E:E,B:B,"T1",C:C,"2025A",D:D,"வரவு")-SUMIFS(E:E,B:B,"T1",C:C,"2025A",D:D,"செலவு")
```

உண்மையான சிக்கல் கூலியில்தான். ஓர் உதாரணம்: ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகள். T1-இல் வெண்டை, விற்பனை 3,000 ரிங்கிட், விதை, உரம், நெகிழி மூடாக்கு எல்லாம் 1,000. T2-இல் சர்க்கரைவள்ளி, விற்பனை 2,400, செலவு 600. இரண்டுக்கும் சேர்த்து 30 நாள் கூலி 1,800. கூலியைச் சரிபாதியாகப் பிரித்தால் வெண்டைக்கு 1,100, கிழங்குக்கு 900 மிஞ்சும். ஆனால் வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும், இல்லாவிட்டால் முற்றிவிடும். கிழங்கையோ முதிர்ந்ததும் ஒரே மூச்சில் தோண்டிவிடலாம். கூலி நாட்களில் 20 வெண்டைக்கும் 10 கிழங்குக்கும் போயிருந்தால், வெண்டையின் லாபம் 800, கிழங்கின் லாபம் 1,200. ஆகவே எந்த நாளில் எந்தத் துண்டில் வேலை நடந்தது என்பதை அன்றன்றே குறித்து வையுங்கள். கூலி கொடுக்கும் நாளில் அந்தக் குறிப்பைப் பார்த்து T1, T2 என்று இரண்டு வரிகளாகப் பதியுங்கள்.

அடுத்தது மூடாக்கு. அது 400 ரிங்கிட். கிழியாமல் இரண்டு பருவம் வரும் என்றால் 200-ஐ 2025A-யிலும் 200-ஐ 2025B-யிலும் பதியுங்கள். வெண்டையின் லாபம் 1,000 ஆகிறது. முழுவதையும் முதல் பருவத்தின் தலையில் கட்டினால், அடுத்த பருவம் உள்ளதைவிட அதிகம் சம்பாதித்ததுபோலத் தோன்றும்.

பதிவு சரியா என்று பார்க்க, எல்லாத் துண்டுகளுக்கும் எல்லாப் பருவங்களிலும் வந்த லாபத்தைக் கூட்டி, தாளின் மொத்த வரவிலிருந்து மொத்தச் செலவைக் கழித்த தொகையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், "T1 " என்று பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிய வரி எங்கோ இருக்கக்கூடும். சூத்திரம் அதைக் கணக்கில் எடுக்காது.

பருவங்களை ஒப்பிடும்போது, துண்டு எத்தனை நாள் பயிரோடு இருந்தது என்பதையும் எழுதுங்கள். வெண்டை 90 நாளும் கிழங்கு 120 நாளும் நின்றிருந்தால், ஒரு நாளுக்கு வெண்டை ஏறக்குறைய 11 ரிங்கிட் தந்திருக்கிறது, கிழங்கு 10. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. அந்த மாதங்களில் வந்த வெண்டைக் கணக்கை வறண்ட பிப்ரவரியின் கணக்கோடு சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள். A-யை முந்தைய ஆண்டின் A-யோடும், B-யை B-யோடும் வைத்துப் பாருங்கள்.