புயல் நேரலைப் பதிவு: பழைய வரியையும் திருத்துங்கள்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, கரை திரும்பாத மீனவர்கள் எத்தனை பேர் என்பதில் ஊர்க்கணக்கும் அரசுக் கணக்கும் பல நாள் ஒத்துப்போகவில்லை. எந்தத் தகவலும் இல்லாமல் வீட்டார் தவித்துக்கொண்டிருந்த பலர் லட்சத்தீவிலும் குஜராத்திலும் உயிரோடு கரை சேர்ந்திருந்தார்கள்.

அதனால் செய்தித் தளத்தின் நேரலைப் பதிவில் ‘மாயம்’ என்று போடாதீர்கள். யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்பதும் அதே வரியில் இருக்கட்டும். இப்படி:

“காலை 10.40: தூத்தூரிலிருந்து சென்ற 3 படகுகளுடன் தொடர்பு கிடைக்கவில்லை என்கிறார் பங்குத்தந்தை. மீன்வளத் துறை உறுதிசெய்யவில்லை.”

சரி, 11.25க்கு அதில் ஒரு படகு கரை சேர்ந்தது உறுதியாகிறது. உடனே புதுப் பதிவு போடுவோம். அது மட்டும் போதாது. 10.40 பதிவின் இணைப்பு அதற்குள் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போயிருக்கும், அதைத் திறப்பவர் பழைய எண்ணைத்தான் பார்ப்பார். ஆகவே அந்தப் பதிவுக்குள்ளேயே போய், பழைய வரியை அழிக்காமல், அதற்கு மேலே “திருத்தம், 11.25: ஒரு படகு கரை சேர்ந்தது, தொடர்பில் இல்லாதவை 2” என்று சேர்த்துவிடுங்கள். அப்புறம் தலைப்பையும் மேலே உள்ள சுருக்கத்தையும் பாருங்கள். அவசரத்தில் பழைய எண் பெரும்பாலும் அங்கேதான் தங்கிவிடும்.

‘படகு கவிழ்ந்தது’ என்று வரும் குரல் பதிவை மட்டும் ‘உறுதிசெய்யப்படாத தகவல்’ என்ற அடைமொழியோடுகூடப் போட வேண்டாம். அந்த வீட்டார் அடைமொழியைப் படிக்க மாட்டார்கள்.