மெயிலா கோலா? டீமுக்கு ஒரே மெயிலில் ஒழுங்கு எழுதுவது எப்படி

கொழும்பு கோட்டைப் பக்கம் சரக்கு அனுப்பும் ஒரு சின்னக் கந்தோரில் எனக்கு வேலை. ஆறு பேர்; அதில் இரண்டு பேர் காலையில் துறைமுகத்தில்தான் நிற்பார்கள். ஒரு நாள் 11.40க்கு ஏற்றுமதிக் கொள்கலன் ஒன்றின் எடைச் சீட்டு எனக்கு வந்தது. 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த எடையைக் கொடுக்காத கொள்கலனைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சர்வதேச விதி. அன்று அதைக் கொடுக்கக் கடைசி நேரம் பகல் 2 மணி. நான் "அவசரம்" என்று தலைப்புப் போட்டு, கொடுக்க வேண்டியவருக்கு மெயிலைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். அவர் துறைமுகத்திலிருந்து வந்து 2.25க்குத்தான் பார்த்தார். பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போனது.

அவரைத் திட்டவும் வழியில்லை. மெயிலை எத்தனை மணிக்குள் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. எப்போது கோல் எடுக்க வேண்டும் என்று எனக்கும் யாரும் சொன்னதில்லை. அந்தக் கிழமையே இதை எழுதி வைத்தோம். நீங்களும் எழுதுவதென்றால் இப்படித் தொடங்குங்கள்.

முதலில் பழைய மெயில்களைப் பாருங்கள்

கடந்த இரண்டு கிழமைக்குள் நீங்கள் டீமுக்குள் கேள்வி கேட்டு அனுப்பிய மெயில்களில் ஒரு இருபதை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நேரம் குறியுங்கள்: கேட்டது எப்போது, பதில் வந்தது எப்போது, பதில் உண்மையில் எப்போது தேவைப்பட்டது. கொப்பித் தாள் ஒன்று போதும்.

எங்களுக்குப் பெரும்பாலான பதில்கள் மூன்று மணித்தியாலத்துக்குள் வந்திருந்தன. துறைமுகத்துக்குப் போகிறவர்களின் பதில் மட்டும் பகல் ஒரு மணிக்குப் பிறகு. அதனால் "வேலை நேரத்தில் 4 மணித்தியாலம்" என்று வைத்தோம். ஒரு மணித்தியாலம் என்று வைக்கத்தான் முதலில் ஆசைப்பட்டேன். ஆனால் கொள்கலனுக்குப் பக்கத்தில் வெயிலில் நிற்கிற மனிதருக்கு அது முடியாது. முடியாத விதியை முதல் கிழமையிலேயே எல்லோரும் மீறுவார்கள், பிறகு மற்ற விதிகளையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

"வேலை நேரம்" என்றால் என்ன என்று கணக்கோடு எழுதுங்கள்

எங்கள் நேரம் காலை 8.30 முதல் பின்னேரம் 5 வரை. வெள்ளிக்கிழமை 3.30க்கு வந்த மெயிலுக்கு அன்று ஒன்றரை மணித்தியாலம்தான் மிச்சம். மீதி இரண்டரை திங்கள் 8.30க்குத் தொடங்கும், ஆகவே கெடு திங்கள் 11 மணி. திங்கள் போயா என்றால் செவ்வாய் 11 மணி. இந்த உதாரணத்தை அப்படியே மெயிலில் போடுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போயா தெரியாது. எங்களுக்கே சில மாதம் மறந்துபோகிறது.

கோலுக்கு ஒரே ஒரு விதி

"முக்கியமானால் கோல் எடுங்கள்" என்று எழுதாதீர்கள். எல்லோருக்கும் தங்கள் வேலை முக்கியம்தான். அதற்குப் பதில் கடிகாரத்தைப் பாருங்கள்: பதில் கெடு முடிவதற்கு முன்பே தேவைப்படுகிறதா? அப்படியென்றால் கோல். என் கதையைப் போட்டுப் பாருங்கள். 11.40 உடன் 4 மணித்தியாலத்தைக் கூட்டினால் 3.40. எடை கொடுக்கும் கெடுவோ 2 மணி. அன்று நான் போனைத்தான் எடுத்திருக்க வேண்டும்.

இதோடு இன்னும் ஒன்று: ஒரே விஷயத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு தடவை மெயில் போயும் விளங்காவிட்டால், மூன்றாவதை எழுதாமல் கோல் எடுத்துக் கதையுங்கள்.

கோலுக்கு அவர் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். நாங்கள் ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு தடவை எடுப்போம். அதற்கும் பதிலில்லை என்றால் அவருக்குப் பதிலாக நிற்கிற ஆளுக்கு எடுப்போம். ஒவ்வொருவருக்கும் பதில் ஆள் யார் என்று பெயரோடு மெயிலின் அடியில் இருக்கிறது. வெள்ளி ஜும்மா நேரத்தில் ஒருவருக்குப் பதில் ஆள் நான். அதை அவரிடம் கேட்டுத்தான் போட்டோம்.

மெயிலை எழுதுங்கள்

ஒரு திரைக்குள் அடங்கட்டும். போனில் படிக்கிறவர்தான் அதிகம். எங்களுடையது ஏறக்குறைய இது:

> தலைப்பு: மெயிலுக்குப் பதில், கோல்: இரண்டு கிழமை பரீட்சார்த்தம்
>
> எல்லோருக்கும் வணக்கம்.
>
> 1. பெயர் "To" இல் இருந்தால் வேலை நேரத்தில் 4 மணித்தியாலத்துக்குள் பதில். "Cc" இல் இருந்தால் பதில் தேவையில்லை.
>
> 2. முழுப் பதில் கையில் இல்லாவிட்டால், "கண்டேன், நாளை 11க்குள் சொல்கிறேன்" என்பதும் பதில்தான். நேரம் போட வேண்டும்.
>
> 3. கேட்கிறவர் தலைப்பிலேயே எப்போதைக்கு வேண்டும் என்று எழுதுவார். "அவசரம்" என்ற சொல்லைப் பாவிப்பதில்லை.
>
> 4. 4 மணித்தியாலத்துக்கு முன்பே வேண்டுமென்றால் கோல். கதைத்து முடிந்ததும், முடிவை ஒரு வரி மெயிலில் கேட்டவர் போடுவார்.
>
> 5. பின்னேரம் 5க்குப் பிறகு வருகிற மெயிலுக்கு அடுத்த வேலை நாள்தான். கோல் வந்தால் மட்டும் எடுப்போம்.
>
> உங்கள் வேலைக்கு ஒத்துவராத வரி இருந்தால் வியாழன் 12 மணிக்குள் எனக்குச் சொல்லுங்கள். திங்கள் தொடங்குகிறோம்.

நான்காவதில் இருக்கிற ஒரு வரி மெயிலை விடாதீர்கள். கோலில் சொன்ன கொள்கலன் இலக்கத்தில் ஒரு எழுத்து மாறினால், பிறகு தேடிப் பார்க்க எதுவும் இருக்காது.

ஐந்தாவதை எழுதியபின் என் சொந்தப் பழக்கத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டியிருந்தது. இரவு பத்து மணிக்கு மெயில் எழுதுகிறவன் நான். இப்போது ஜிமெயிலில் Send க்குப் பக்கத்து அம்புக்குறியை அழுத்தி, Schedule send இல் அடுத்த நாள் காலை 8.30 போட்டுவிடுவேன். பொறுப்பில் இருக்கிறவர் இரவில் அனுப்பினால், விதி எப்படி இருந்தாலும் மற்றவர்கள் இரவில் பதில் போடுவார்கள்.

அனுப்புவதற்கு முன், வெளியில் நிற்கிறவர்களோடு ஒரு தடவை கதைத்துவிடுங்கள். எங்கள் வார்ஃப் கிளார்க் அண்ணா வாசித்துவிட்டு, "தம்பி, மெயிலைப் பார்க்க எனக்குக் கை ஓய வேணுமே. பன்னிரண்டு மணிக்கு முந்தி என்றால் கோலே எடுங்கோ" என்றார். அவருக்கு மட்டும் அந்த வரியைச் சேர்த்தோம்.

இரண்டு கிழமையில் எதைப் பார்ப்பது

திரும்பவும் இருபது மெயில். இந்தத் தடவை பதில் வேகத்தை விட இரண்டு கோளாறுகளைத் தேடுங்கள். ஒன்று, தலைப்பில் எல்லாமே "இன்று 2க்குள்" என்று வருவது. அப்படி வந்தால் கேட்கிறவர்கள் உண்மையான கெடுவைப் போடவில்லை, பழைய "அவசரம்" வேறு உடுப்பில் வந்திருக்கிறது. அப்படி அனுப்பியவரிடம் "2 மணிக்கு என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். கப்பல், வங்கி, சுங்கம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல முடியாவிட்டால் நேரத்தைத் தள்ளிப் போடட்டும்.

மற்றது, "கண்டேன்" என்று மட்டும் நேரம் போடாமல் வருகிற பதில்கள். எங்களிடம் இருபதில் ஆறு அப்படி இருந்தன, அதில் மூன்று நான் போட்டவை. அதனால் இரண்டாவது வரியைத் திருத்தினோம்: நேரம் இல்லாத "கண்டேன்" பதிலாகக் கணக்கில்லை, 4 மணித்தியாலம் ஓடிக்கொண்டே இருக்கும். திருத்திய மெயிலைப் புதிய திகதியோடு மறுபடி அனுப்பினோம், மாறிய வரியை மட்டும் மேலே போட்டு.