முன்பணத் தகராறைத் தவிர்க்க இரண்டு படங்கள்

வாடகை வீட்டில் சாமான்களை இறக்குவதற்கு முன், ஒவ்வொரு பழுதையும் அறை அடையாளம் தெரியும்படி தள்ளி நின்று ஒரு முறையும், அருகில் அளவுகோல் வைத்து நெருக்கமாக ஒரு முறையும் படமெடுத்து, வீட்டின் நிலை அறிக்கையுடன் அன்றே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். நெருக்கப் படம் மட்டும் இருந்தால், அது எந்தச் சுவர் என்ற கேள்வியே முதலில் எழும். காலி செய்யும் நாளில் அதே கோணத்தில் மீண்டும் எடுத்தால், சமையல் மேடையில் முன்பே இருந்த 4 செ.மீ. விரிசல் அப்படியே இருக்கிறதா, 10 செ.மீ. ஆகிவிட்டதா என்பது தெரிந்துவிடும். முதலாவதானால் குடியிருந்தவரின் முன்பணத்துக்கும், இரண்டாவதானால் உரிமையாளரின் கோரிக்கைக்கும் அதுவே ஆதாரம். கைப்பேசிப் படத்தின் தேதியை மாற்ற முடியும். இருவரிடமும் உள்ள மின்னஞ்சலின் தேதியை மறுப்பது கடினம். ஆனால் வடிகால் அடைப்பு, வெந்நீர்க் கருவியின் கோளாறு போன்றவை படத்தில் தெரியாதவை என்பதால், அவற்றை இயக்கிப் பார்த்து அறிக்கையில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்.