இளைஞர்கள் அதிகம் என்றால் வளர்ச்சி வந்துவிடுமா? மக்கள்தொகை ஈவுக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

இந்தியாவில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. இதைச் சொல்லிவிட்டு, 'இனி வளர்ச்சி தானாக வரும்' என்று முடிக்கும் மேடைப் பேச்சுகளை நிறையவே கேட்டிருப்பீர்கள். பாதிக் கணக்கு போட்டுவிட்டு விடை எழுதுவது மாதிரிதான் இது.

மக்கள்தொகையில் உழைக்கும் வயதினரின் பங்கு கூடும்போது பொருளாதாரத்துக்குக் கிடைக்கக்கூடிய கூடுதல் வளர்ச்சியைத்தான் மக்கள்தொகை ஈவு என்கிறார்கள். முதல் குழப்பம், இளம் நாடு என்றாலே இந்த ஈவு கிடைக்கும் என்று நினைப்பது. அப்படியானால் உலகிலேயே மிக இளைய நாடுகளில் ஒன்றான நைஜர் இந்நேரம் செழித்திருக்க வேண்டும். அங்கே ஏறக்குறைய பாதிப்பேர் 15 வயதுக்குள் இருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள். சம்பாதிக்கும் ஒருவரை நம்பி நிறைய வாய்கள் இருப்பதால் சேமிக்க எதுவும் மிஞ்சாது. பிறப்பு குறையத் தொடங்கிய பிறகுதான் ஈவுக்கே வழி பிறக்கும். தென்கொரியாவில் 1960-ல் ஒரு பெண்ணுக்குச் சுமார் ஆறு குழந்தைகள். 1980-களின் நடுவில் இரண்டுக்கும் கீழே. முன்பு பிறந்த பெரிய தலைமுறை வேலைக்குப் போகும் வயதுக்கு வந்தபோது, பின்னால் வந்த குழந்தைகள் குறைவு. ஒவ்வொரு பிள்ளைக்கும் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தது, வீட்டில் பணமும் தங்கியது. அப்போதும் வயது மட்டும் வேலை செய்துவிடவில்லை. சியோலின் குரோ தொழிற்பேட்டையில் துணி, சவுரி முடி, மின்னணுப் பொருட்கள் செய்த ஆலைகள் கிராமத்து இளம்பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தன. கூலி குறைவு, வேலை நேரம் கொடுமை. ஆனாலும் வயல் வேலையைவிட ஒரு ஆளின் உற்பத்தி அங்கே பல மடங்கு.

நம் ஊரில் அதிகம் நடப்பது இரண்டாவது தவறு: வேலை செய்யும் வயதில் இருப்பவர்களை எல்லாம் வேலை செய்பவர்களாக எண்ணிவிடுவது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 100 பேர் கொண்ட ஒரு ஊரை இந்தியாவின் சின்ன உருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2004-05-ல் அங்கே 15 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 67 பேர். 2017-18-ல் அது சுமார் 73. அதாவது ஈவுக்கான வாசல் அகலமாகிக்கொண்டே போயிருக்கிறது. சரி, வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து எத்தனை பேர்? அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புகளின்படி சுமார் 43 பேராக இருந்தது 37 ஆகக் குறைந்தது. வயதுக் கணக்கு ஏற, உழைப்புக் கணக்கு இறங்கியிருக்கிறது.

அந்த ஆறு பேர் எங்கே போனார்கள்? சிலர் பள்ளி, கல்லூரியில் இருந்தார்கள். அது நல்ல செய்தி, பலன் பிறகு வரும். ஆனால் பெரிய பகுதி பெண்கள். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு சுமார் 43 சதவீதத்திலிருந்து 23 ஆக விழுந்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் தேவை குறைந்தது, அருகில் வேறு வேலை இல்லை, வீட்டு வேலை அப்படியே இருந்தது. அந்தக் காலத்திலும் தலைக்கு வருமானம் நன்றாகத்தான் உயர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது வேலையில் இருந்தவர்களின் உற்பத்தி கூடியதால் வந்தது. அதை ஈவின் கணக்கில் எழுதக்கூடாது.

அப்புறம் 2023-24-ல் பெண்களின் பங்கேற்பு சுமார் 42 சதவீதம் என்று வந்ததும், 'பிரச்சினை தீர்ந்தது' என்று சிலர் எழுதினார்கள். இது மூன்றாவது தவறு. எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் என்ன வேலை என்று பார்க்க வேண்டும். வேலை செய்யும் பெண்களில் மூன்றில் இரண்டு பங்கு சுயதொழில் என்ற கட்டத்தில் வருகிறார்கள். அதில் பலர் குடும்ப நிலத்திலோ கடையிலோ கூலியில்லாமல் கைகொடுப்பவர்கள். மாடு கறந்து, கணவரின் கடையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணும் கணக்கில் 'வேலை' செய்பவர்தான். அவர் உழைப்பு பொய்யல்ல. ஆனால் ஏற்கெனவே இருந்த அதே நிலத்தையும் கடையையும் இன்னும் ஒருவர் பகிர்ந்துகொண்டால் உற்பத்தி எவ்வளவு கூடும்? உழைப்பவர்களில் விவசாயத்தில் இருப்போரின் பங்கு 2018-19-ல் சுமார் 42 சதவீதம், 2023-24-ல் 46. கொரியாவில் ஆட்கள் வயலைவிட்டு ஆலைக்குப் போனார்கள். இங்கே கொஞ்சம் பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, இந்தியாவுக்கு ஒரே கடிகாரம் என்று நினைப்பது. 2019-21 குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தைகள், பீகாரில் 3. தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-லேயே நூற்றுக்குச் சுமார் 14 பேர், பீகாரில் 8. இங்கே வாசல் மூடத் தொடங்கிவிட்டது, அங்கே இப்போதுதான் திறக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பீகார் இளைஞர் அந்த இடைவெளியை நிரப்பத்தான் ரயிலேறி வந்திருக்கிறார்.